பள்ளத்தில் முதல் அடி வாங்குவது உள்விளிம்பு

கேள்வி: என்னிடம் இருப்பது பலேனோ டெல்டா, 15 இஞ்ச் ஸ்டீல் வீல், 185/65 டயர். இரண்டு வருஷம் ஓடிவிட்டது. மேடவாக்கத்திலிருந்து சிறுசேரிக்கு தினமும் போய் வருகிறேன். 17 இஞ்ச் அலாய் போடலாம் என்று கடையில் விசாரித்தேன். காஸ்ட் செட் 36,000, ஃப்ளோ ஃபார்ம் 62,000, ஃபோர்ஜ்ட் 2,10,000 என்கிறார்கள். 205/45 டயருக்குத் தனியாக 38,000. "ஃபோர்ஜ்ட் போட்டால் பள்ளத்தைப் பற்றிக் கவலையே வேண்டாம், மைலேஜும் ஏறும்" என்று கடைக்காரர் அடித்துச் சொல்கிறார். இவ்வளவு விலை வித்தியாசம் எதற்கு? எது வாங்கினால் நம் ரோட்டுக்குத் தாங்கும்?
— வாசகர், மேடவாக்கம்

பதில்: போன மழைக்காலத்தில் என் பட்டறைக்கு வந்த ஒரு வீலிலிருந்து ஆரம்பிக்கிறேன். உங்கள் கேள்விக்குப் பாதி பதில் அதில் இருக்கிறது.

பெரும்பாக்கத்திலிருந்து ஒருவர் கொண்டு வந்தார். 17 இஞ்ச் காஸ்ட் வீல், வாங்கி எட்டு மாதம்தான். 33-ல் நிரப்பிய காற்று மூன்று நாளில் 22-க்கு இறங்கிவிடுகிறது. பங்க்சர் கடையில் முதல் தடவை வால்வு மாற்றினார்கள். இரண்டாவது தடவை டயரைக் கழற்றி, ரிம்மில் டயர் உட்காரும் இடத்தைத் தேய்த்துப் போட்டார்கள். மூன்றாவது தடவைதான் ஒரு பையன் வீலை அப்படியே தண்ணீர்த் தொட்டியில் அமுக்கி, டயரைப் பார்க்காமல் ரிம்மின் பின்பக்கம் குமிழி வருவதைக் காட்டியிருக்கிறான். முன்பக்கம் ஒரு கீறல்கூடக் கிடையாது, கடையில் வைத்து விற்கலாம் போலப் பளபளப்பு. திருப்பிப் பார்த்தால், காரின் அடிப்பக்கம் பார்க்கும் உள்விளிம்பிலிருந்து நடுவை நோக்கி நாலு சென்டிமீட்டருக்கு முடி போல ஒரு விரிசல். அந்தத் துண்டை அறுத்துப் பார்த்தேன். விரிசல் போன பாதையில் ரவை அளவில் சின்னச் சின்ன ஓட்டைகள். உலோகம் உறையும்போது சுருங்கி உண்டானவை. பள்ளத்தின் விளிம்பு அந்த இடத்தில் அடித்ததும், விரிசல் ஓட்டைக்கு ஓட்டை தாவிப் போயிருக்கிறது.

இரண்டு விஷயம் மனதில் வைத்துக்கொள்ளுங்கள். ஒன்று, பள்ளத்தில் அடி வாங்குவது பெரும்பாலும் உள்விளிம்புதான். முன்பக்க விளிம்புக்கு ஸ்போக்குகள் பக்கத்திலேயே முட்டுக்கொடுத்து நிற்கின்றன. உள்விளிம்போ முட்டே இல்லாத ஓரம். இரண்டு, அது உடைவதா வளைவதா என்பதை அந்த இடத்து உலோகம்தான் தீர்மானிக்கிறது. காஸ்ட், ஃப்ளோ ஃபார்ம், ஃபோர்ஜ்ட் என்ற மூன்று பெயருக்கும் உள்ள வித்தியாசம் முக்கியமாக அந்த இடத்தில்தான்.

காஸ்ட் என்றால் வார்ப்பு. அலுமினியத்தோடு சுமார் 7 சதவீதம் சிலிக்கனும், துளி மெக்னீசியமும் சேர்ந்த கலவையை உருக்கி அச்சில் ஊற்றுவது. அந்தக் கலவைக்கு ஏ356 என்று பெயர். சிலிக்கன் இருப்பதால் குழம்பு தண்ணீர் போல ஓடி, மெல்லிய ஸ்போக் வரை போய் நிரம்பும். ஊற்றும் விதத்திலும் இரண்டு உண்டு. மேலிருந்து ஊற்றினால் ஆற்றுகிற டீ போலப் புரண்டு, காற்றையும் ஆக்சைடு ஆடையையும் உள்ளே இழுத்துக்கொள்ளும். நல்ல கம்பெனிகள் அச்சுக்குக் கீழே மூடிய உலையை வைத்து, லேசான அழுத்தம் கொடுத்து, ஊற்றுக் கிணற்றில் தண்ணீர் ஏறுவது போல மெதுவாகக் கீழிருந்து ஏற்றுவார்கள். லோ பிரஷர் காஸ்டிங் என்பது அதுதான். கார் கம்பெனி கொடுக்கும் அலாய் வீல்களில் பெரும்பாலானவை இப்படி வார்த்தவையே. வார்த்த பிறகு 540 டிகிரி அருகே சில மணி நேரம் வைத்து, தண்ணீரில் அமிழ்த்தி, மறுபடி 150, 160 டிகிரியில் பதப்படுத்துவார்கள். வீலின் பலத்தில் பெரும்பங்கு இந்தப் பதத்தில் இருக்கிறது. இதை ஞாபகம் வையுங்கள், பெண்ட் எடுக்கும் கதைக்கு வரும்போது வேண்டும்.

ஃப்ளோ ஃபார்ம் என்றால் முழுக்க வேறு வீல் என்று நினைத்துவிட வேண்டாம். அதுவும் வார்ப்புதான், பெரும்பாலும் அதே ஏ356-தான். ஆனால் பேரலை, அதாவது டயர் உட்காரும் உருளைப் பகுதியை, குட்டையாகவும் தடிமனாகவும் வார்ப்பார்கள். அப்புறம் அதை 300, 350 டிகிரிக்குச் சூடாக்கி, சுற்றும் உருளை மேல் மாட்டி, வெளியிலிருந்து கடினமான ரோலர்களால் அழுத்திக்கொண்டே நகர்த்துவார்கள். குயவர் சக்கரத்தில் பானையின் சுவரை விரலால் அழுத்தி மேலே இழுப்பதைப் பார்த்திருப்பீர்கள், ஏறக்குறைய அதே வேலை. தடித்த குட்டைச் சுவர் மெலிந்து நீள்கிறது. நீளும்போது நான் சொன்ன ரவை ஓட்டைகள் நசுங்கி மூடுகின்றன, உலோகத்தின் உள்ளமைப்பும் இழுத்த திசைக்கு நீள்கிறது. எந்த இடம் பள்ளத்தில் அடி வாங்குகிறதோ அந்த இடத்துக்கு மட்டும் நல்ல உலோகம் கிடைக்கிறது. முகமும் ஸ்போக்கும் நட்டு உட்காரும் இடமும் பழைய வார்ப்பாகவே இருக்கும். கடைக்காரர்கள் சொல்லாத சங்கதி இது.

ஃபோர்ஜ்ட் என்பது உருக்கி ஊற்றுவதே இல்லை. வேறு கலவை, 6061 என்ற கெட்டியான அலுமினியக் கட்டை. அதைச் சூடாக்கி, பல ஆயிரம் டன் அழுத்தும் பிரஸ்ஸில் வைத்து நசுக்கி வடிவத்துக்குக் கொண்டு வந்து, மிச்சத்தை சி.என்.சி. மெஷினில் குடைந்து எடுக்கிறார்கள். கொல்லன் பட்டறையில் அடித்து அரிவாள் செய்வதற்கும் இரும்பை உருக்கி ஊற்றுவதற்கும் உள்ள வித்தியாசம்தான் இங்கேயும். வார்ப்பு ஓட்டை என்ற பேச்சே இல்லை. ஆனால் பிரஸ்ஸும் டையும் பெரிய முதலீடு, மெஷினில் ஒரு வீல் ரொம்ப நேரம் கிடக்கும், குடைந்த அலுமினியத்தில் பெரும்பகுதி சுருள் சுருளாகக் குப்பைக் கூடைக்குப் போகும். உங்களிடம் சொன்ன 2,10,000 ஏமாற்று விலை என்று நான் சொல்ல மாட்டேன். அதன் செலவு உண்மையிலேயே அப்படி.

இந்த மூன்றுக்கும் உள்ள வேறுபாட்டை ஒரே அளவில் காட்ட வேண்டுமென்றால், எவ்வளவு பாரம் தாங்கும் என்பதைவிட, உடைவதற்கு முன் எவ்வளவு நீளும் என்பதைத்தான் நான் பார்ப்பேன். பத்து சென்டிமீட்டர் நீளத்துக்கு ஒரு துண்டு வெட்டி இரண்டு பக்கமும் பிடித்து இழுத்தால், பதப்படுத்திய நல்ல வார்ப்பு சுமார் 5 மில்லிமீட்டர் நீண்டு பட்டென்று அறும். சுமாரான வார்ப்பு மூன்றிலேயே அறும். ஃப்ளோ ஃபார்ம் பேரலில் வெட்டிய துண்டு அதைவிடக் கணிசமாக நீளும். ஃபோர்ஜ்ட் 10, 12 மில்லிமீட்டர் வரை போகும். நீளக்கூடிய உலோகம் பள்ளத்தில் வளையும், நீளாத உலோகம் விரியும். வளைந்த வீல் பெரும்பாலும் காற்றைப் பிடித்துக்கொண்டு வீடு வரை வந்துவிடும். விரிந்த வீல் எங்கே நிற்கும் என்று சொல்ல முடியாது.

அப்படியென்றால் ஃபோர்ஜ்ட் வாங்கினால் கவலை இல்லைதானே என்று கேட்பீர்கள். இங்கேதான் எல்லாரும் வழுக்கி விழுகிறார்கள். நல்ல உலோகம் என்பது வீல் செய்பவர் கையில் கிடைத்த பணம் மாதிரி. அதை அவர் பலத்துக்கும் செலவழிக்கலாம், எடையைக் குறைக்கவும் செலவழிக்கலாம். ஒரே பணத்தை இரண்டு தடவை செலவழிக்க முடியாது. ஃப்ளோ ஃபார்ம் பேரல் காஸ்ட் பேரலின் தடிமனிலேயே இருந்தால் அது கண்டிப்பாகப் பலமான வீல். ஆனால் பெரும்பாலும் "இரண்டு கிலோ குறைவு" என்று விளம்பரம் போடுவதற்காகச் சுவரை மெலிதாக்கிவிடுகிறார்கள். அப்போது பள்ளத்தில் அது காஸ்டுக்குக் கொஞ்சம் மேலே நிற்கும், அவ்வளவுதான். பந்தயக் காருக்காக இழைத்து மெலிதாக்கிய ஃபோர்ஜ்ட் வீல் ஓ.எம்.ஆர். பள்ளத்தில் வளைந்து வந்ததையும் நான் பார்த்திருக்கிறேன். உடையவில்லை, ஆனால் வளைந்தது. உரிமையாளருக்கு அந்த வித்தியாசம் பெரிய ஆறுதலாக இல்லை.

சோதனைக்கூடத்தில் பாஸானது என்ற சான்றிதழையும் அதன் எல்லையோடு பார்க்க வேண்டும். அலாய் வீலுக்கு மோதல் சோதனை ஒன்று உண்டு. டயர் மாட்டிய வீலை 13 டிகிரி சாய்வில் படுக்க வைத்து, மேலிருந்து ஒரு பாரத்தை விடுவார்கள். பாரத்தின் எடைக்கு ஒரு கணக்கு: வீல் தாங்க வேண்டிய எடையில் 0.6 பங்கு, அதோடு 180 கிலோ. உங்கள் பலேனோ ஆட்களோடும் சாமானோடும் சுமார் 1,400 கிலோ. முன்பக்கம் கொஞ்சம் அதிகம் என்பதால் ஒரு வீலுக்கு 400 கிலோ என்று வைத்துக்கொள்வோம். அப்போது 240-ம் 180-ம் சேர்ந்து 420 கிலோ. இதை 230 மில்லிமீட்டர் உயரத்திலிருந்து, நம் கணக்கில் ஒரு சாண், விடுவார்கள். நடுப்பகுதியில் ஊடுருவிப் போகும் விரிசல் விழக் கூடாது, நடுப்பகுதி ரிம்மிலிருந்து பிரியக் கூடாது, ஒரு நிமிஷத்துக்குள் காற்று முழுக்கப் போய்விடக் கூடாது. வளைந்தால் பரவாயில்லை, அது பாஸ்தான். இன்னொன்றையும் கவனியுங்கள்: பாரம் விழுவது முன்பக்க விளிம்பில். பெரும்பாக்கத்துக்காரரின் வீல் விரிந்ததோ பின்பக்கம். சோதனையில் தப்பில்லை, ஆனால் அது கேட்கும் கேள்வி ஒன்று, நம் ரோடு கேட்கும் கேள்வி இன்னொன்று.

இனி உங்கள் காருக்கு வருகிறேன். எந்த வீல் என்பதைவிட எத்தனை இஞ்ச் என்பதுதான் எனக்குப் பெரிய விஷயமாகத் தெரிகிறது. இப்போது உங்களிடம் இருக்கும் 185/65 டயரின் பக்கச் சுவர் உயரம் 120 மில்லிமீட்டர். பலேனோவின் மேல் வேரியண்டுகளில் கம்பெனியே கொடுக்கும் 195/55 ஆர்16 டயரில் அது 107. நீங்கள் கேட்கும் 205/45 ஆர்17-ல் 92. பள்ளத்தின் விளிம்புக்கும் ரிம்முக்கும் நடுவே இருக்கும் காற்று மெத்தை அதுதான். 17-க்குப் போனால் அதில் கிட்டத்தட்ட கால்வாசியை விட்டுக்கொடுக்கிறீர்கள். டயர் முழுக்க நசுங்கி ரிம்மைத் தொட்ட பிறகுதான் வீலின் உலோகத்துக்கு வேலை வருகிறது. மெத்தையைக் குறைத்துவிட்டு, அதற்கு ஈடுகட்ட இரண்டு லட்சத்துக்கு உலோகம் வாங்குவது எனக்குக் கணக்காகப் படவில்லை.

எடையையும் பாருங்கள். என்னிடம் ஒரு தூக்குத் தராசு இருக்கிறது, பட்டறைக்கு வரும் வீலையெல்லாம் மாட்டிப் பார்ப்பது பழக்கம். மாடலுக்கு மாடல் அரை கிலோ, ஒரு கிலோ கூடக் குறைய இருக்கும் என்பதை மனதில் வைத்துப் படியுங்கள். உங்கள் 15 இஞ்ச் ஸ்டீல் வீல் சுமார் 8 கிலோ, டயர் 8, மொத்தம் 16. 17 இஞ்ச் காஸ்ட் 10, டயர் 9, மொத்தம் 19. ஃப்ளோ ஃபார்ம் 17 என்றால் எட்டரையும் ஒன்பதும் சேர்ந்து பதினேழரை. 17 இஞ்ச் ஃபோர்ஜ்ட் 7, டயர் 9, மொத்தம் 16. அதாவது டயரோடு சேர்த்து இரண்டரை லட்சம் செலவழித்த பிறகு, எடையில் நீங்கள் இன்று இருக்கும் இடத்துக்கே வந்து நிற்பீர்கள். அலாய் என்றாலே ஸ்டீலைவிட லேசு என்பது அதே அளவில் ஒப்பிட்டால்தான் பெரும்பாலும் உண்மை. அளவை ஏற்றினால் லாபம் கரைந்துவிடும்.

மைலேஜ் பேச்சையும் இதிலேயே முடித்துவிடலாம். சுழலும் பொருளை வேகமெடுக்க வைக்கக் கொஞ்சம் கூடுதல் சக்தி வேண்டும் என்பது உண்மை. பேரலில் குறையும் ஒரு கிலோ, வேகமெடுக்கும்போது காரின் எடையில் ஏறக்குறைய ஒன்றரை கிலோ குறைந்ததற்குச் சமம், அதற்கு மேல் இல்லை. வீலுக்கு ஒன்றரை கிலோ வீதம் நாலு வீலில் ஆறு கிலோ குறைத்தால், ஒன்பது கிலோ குறைந்த மாதிரி. பின் சீட்டில் இருக்கும் தண்ணீர் கேனை இறக்கி வைத்தால் அதைவிட அதிகம் குறையும். லேசான வீலின் உண்மையான லாபம் வேறு இடத்தில்: மேடுபள்ளத்தில் சக்கரம் சீக்கிரம் கீழே வந்து ரோட்டைப் பிடிக்கிறது, ஸ்டீயரிங் கையில் கொஞ்சம் துடியாக இருக்கிறது. ஓட்டுபவருக்குத் தெரியும், பெட்ரோல் பில்லுக்குத் தெரியாது.

ஆக நான் உங்கள் இடத்தில் இருந்தால் 16 இஞ்ச் ஃப்ளோ ஃபார்ம் செட் பார்ப்பேன், 195/55 டயரோடு. ஃப்ளோ ஃபார்ம் 16 ஏழேகால் கிலோ அளவில் கிடைக்கிறது, டயர் எட்டரை, மொத்தம் பதினைந்தே முக்கால். இன்றைய எடைக்கு மேலே போகவில்லை, மெத்தையில் 13 மில்லிமீட்டர்தான் இழக்கிறீர்கள், அடி வாங்கும் இடத்தில் நல்ல உலோகம் இருக்கிறது. சக்கரத்தின் முழு விட்டமும் பழையதோடு ஒரு மில்லிமீட்டருக்குள் ஒத்துப்போகிறது, அதனால் ஸ்பீடோமீட்டர் பொய் சொல்லாது. பலேனோவுக்கே உரிய அளவு என்பதால் சர்வீஸ் சென்டரிலும் இன்ஷூரன்ஸிலும் பேச்சு குறைவு. ஆனாலும் வீலை மாற்றியதை இன்ஷூரன்ஸ்காரருக்கு எழுத்தில் தெரிவித்துவிடுங்கள். பட்ஜெட் இறுக்கம் என்றால் லோ பிரஷரில் வார்த்த நல்ல 16 இஞ்ச் காஸ்டே போதும். 17 இஞ்ச் ஃப்ளோ ஃபார்மைவிட 16 இஞ்ச் நல்ல காஸ்ட் நம் ரோட்டில் நிம்மதி என்பது என் கட்சி. 17-தான் வேண்டும், அழகுக்காகத்தான் என்றால் அதில் தப்பில்லை, ஆனால் அப்போது ஃப்ளோ ஃபார்முக்குக் கீழே இறங்காதீர்கள்.

ஃபோர்ஜ்டை வேண்டாம் என்று சொல்ல இன்னொரு காரணமும் இருக்கிறது. ஒரு வீல் கெட்டுப்போனால் அதே டிசைனில் ஒற்றை வீல் கிடைக்குமா? ஆர்டர் கொடுத்துச் செய்யும் வீலென்றால் மாதக்கணக்கில் காத்திருக்க வேண்டியிருக்கும். காஸ்டிலும் ஃப்ளோ ஃபார்மிலும்கூட இந்தக் கேள்வியை வாங்கும்போதே கேளுங்கள். ஒற்றை வீல் விலை என்ன, ஸ்டாக்கில் இருக்குமா என்று. மழுப்பினால் வேறு டிசைன் பாருங்கள்.

கடையில் நிற்கும்போது எப்படி அடையாளம் காண்பது? பின்பக்கம் திருப்பிப் பாருங்கள். வார்த்த வீலின் ஸ்போக் முதுகு மழுங்கலாக, தோல் மாதிரி சொரசொரப்பாக இருக்கும். எழுத்துகள் அச்சிலிருந்து வந்து புடைத்துக்கொண்டிருக்கும், அச்சிலிருந்து தள்ளிய பின்களின் வட்டத் தடமும் தெரியும். ஃபோர்ஜ்டில் பின்பக்கமும் மெஷினில் குடைந்திருப்பார்கள், மூலைகள் துல்லியமாக, கட்டர் ஓடிய கோடுகளோடு இருக்கும், எழுத்துகள் செதுக்கியிருக்கும். "ஃபோர்ஜ்ட்" என்று ஸ்டிக்கர் ஒட்டிப் பின்பக்கம் புடைத்த எழுத்தோடு இருந்தால் அங்கேயே வைத்துவிட்டு வாருங்கள். காஸ்டையும் ஃப்ளோ ஃபார்மையும் பிரிப்பதுதான் கஷ்டம். முகம் ஒரே மாதிரி இருக்கும், பேரலை இரண்டிலும் கடைசியில் கடைந்துவிடுவார்கள். எனக்கே கண்ணால் பார்த்து உறுதியாகச் சொல்ல வராது. தராசுதான் ஒரே வழி. அதே அளவு, அதே அகலமுள்ள காஸ்ட் வீலையும் அதையும் அடுத்தடுத்துத் தராசில் மாட்டிப் பாருங்கள். எடை ஒன்றாகவே இருந்தால் 26,000 கூடுதலாக எதற்குக் கொடுக்கிறீர்கள் என்று விற்பவர்தான் விளக்க வேண்டும். உண்மையிலேயே தடித்த பேரல் என்று அவர் சொல்லக்கூடும், அப்போது மாடல் எண் போட்ட சோதனை அறிக்கையைக் காட்டச் சொல்லுங்கள்.

வீலின் மேல் அளவு, அகலம், ஆஃப்செட், தாங்கும் எடை எவ்வளவு கிலோ என்பதெல்லாம் பதிந்திருக்க வேண்டும். எடை எண் இல்லாத வீலை நான் தொட மாட்டேன். அலாய் வீலுக்கான இந்தியத் தரநிலை ஐ.எஸ். 16192. ஐ.எஸ்.ஐ. முத்திரை இருக்கிறதா என்று பாருங்கள். ஜப்பானிய ஜே.டபிள்யூ.எல். முத்திரை மட்டும் இருந்தால், அது தயாரிப்பாளர் தானே சோதித்துப் போட்டுக்கொள்ளும் முத்திரை. வி.ஐ.ஏ. என்பதும் சேர்ந்திருந்தால் வெளி அமைப்பும் பார்த்திருக்கிறது என்று அர்த்தம்.

ஜெனரல் பாட்டர்ஸ் ரோட்டிலோ புதுப்பேட்டையிலோ கம்பெனி காரிலிருந்து கழற்றிய 16 இஞ்ச் அலாய் மலிவாகக் கிடைக்கும், அதை வாங்கலாமா என்று அடுத்து கேட்பீர்கள். வாங்கலாம், நல்ல பேரம்தான், ஆனால் அடிபட்டுப் பெண்ட் எடுத்ததாக இருக்கக் கூடாது. பெண்ட் எடுக்கும் கடைகளில் கேஸ் விளக்கைக் காட்டி நன்றாகச் சூடாக்கி, சம்மட்டியால் தட்டி, பெயிண்ட் அடித்துப் புதிதாக்கிவிடுகிறார்கள். 150, 160 டிகிரியில் மணிக்கணக்கில் பதப்படுத்திய உலோகத்துக்கு 300 டிகிரிக்கு மேல் சூடு காட்டினால் அந்த இடத்தில் பதம் போய்விடும். வடிவம் வட்டமாக இருக்கும், பலம் திரும்பாது. விரிசலை வெல்டிங் வைத்து அடைப்பதும் அப்படித்தான். சூடே காட்டாமல் ஹைட்ராலிக் ஜாக்கியில் லேசான வளைவை நிமிர்த்துவது மட்டும் ஏற்கத்தக்கது.

பழைய வீலென்றால் நான் செய்வதைச் சொல்கிறேன், நீங்களும் செய்யலாம். வெல்டிங் சாமான் விற்கும் கடைகளில் டை பெனட்ரன்ட் என்று மூன்று ஸ்ப்ரே டப்பா செட்டாகக் கிடைக்கும். டயரைக் கழற்றச் சொல்லி, உள்பேரலில் பெயிண்ட் தடித்திருக்கும் இடத்தைச் சுரண்டிவிட்டு, முதல் டப்பாவால் எண்ணெய் அழுக்கு போகத் துடைக்க வேண்டும். அப்புறம் சிவப்புச் சாயத்தை அடித்துப் பத்து நிமிஷம் விட வேண்டும். விரிசல் இருந்தால் சாயம் அதற்குள் இறங்கிவிடும். மேலே இருப்பதைத் துணியால் சுத்தமாகத் துடைத்துவிட்டு, மூன்றாவது டப்பாவிலிருக்கும் வெள்ளைப் பொடியை மெல்லிசாக அடித்தால், உள்ளே இறங்கிய சிவப்பு மேலே கசியும். வெள்ளையில் மெல்லிய சிவப்புக் கோடு வந்தால் அந்த வீல் எடைக்குப் போட வேண்டியது. விற்பவர் சாயம் அடிக்க விடமாட்டேன் என்றால் பதில் அதிலேயே வந்துவிட்டது.

மாட்டும்போது ஒரே ஒரு விஷயம். பலேனோவின் ஹப் 54.1 மில்லிமீட்டர். வெளியில் விற்கும் வீல்களில் நடு ஓட்டை பெரும்பாலும் இதைவிடப் பெரிதாக, பல கார்களுக்கும் பொருந்துகிற மாதிரி இருக்கும். இடைவெளியை நிரப்ப ஒரு வளையம் போட வேண்டும். அதை விட்டுவிட்டால் வீல் நடு மையத்தில் உட்காராமல், 80, 90 வேகத்தில் ஸ்டீயரிங் நடுங்கும். நீங்கள் பாலன்சிங் கடைக்கு நாலு தடவை அலைவீர்கள். நட்டைக் காற்றுத் துப்பாக்கியால் மட்டும் முடுக்கிவிட்டு அனுப்புவார்கள், டார்க் ரென்ச்சால் மேனுவலில் உள்ள அளவுக்கு முடுக்கச் சொல்லுங்கள். நூறு கிலோமீட்டர் ஓடிய பிறகு இன்னொரு தடவை பாருங்கள், புது அலாயில் நட்டு உட்காரும் இடம் கொஞ்சம் அமுங்கித் தளர்வது உண்டு.

உங்கள் ஸ்டெப்னி 15 இஞ்ச் ஸ்டீலாகவே இருக்கட்டும், விட்டம் ஒன்றுதான் என்பதால் அவசரத்துக்குத் தாராளமாக ஓடும். ஆனால் அலாயோடு வரும் நட்டு அந்த ஸ்டீல் வீலில் சரியாக உட்காராமல் போகலாம். கழற்றிய பழைய நட்டுகளை ஒரு பையில் கட்டி, ஜாக்கிக்குப் பக்கத்திலேயே டிக்கியில் போட்டு வையுங்கள்.